மூணாவது வரி: படிக்க முடியாத ஒரு சீட்டும் டாக்டருக்கு நான் எழுதின கடிதமும்

சனிக்கிழமை ராத்திரி எட்டே முக்கால். பெரம்பூர்ல நான் வேலை பாக்குற மெடிக்கல்ல அந்த நேரத்துக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி, கிளினிக் எல்லாம் முடிஞ்சு ஜனங்க வீட்டுக்குப் போற வழியில சீட்டை நீட்டுவாங்க. வியாசர்பாடியில இருந்து ஒரு அம்மா, 61 வயசு, கூட அவங்க பொண்ணு. கை விரல் மூட்டு எல்லாம் வீங்கி, காலையில எழுந்தா டம்ளர் பிடிக்க முடியலைன்னு புரசைவாக்கத்துல ஒரு மூட்டுவலி டாக்டரை அன்னைக்குத்தான் முதல் தடவை பாத்துட்டு வர்றாங்க. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொல்லியிருக்கார். சீட்டுல அஞ்சு வரி.

மூணு வரி படிக்க முடிஞ்சுது. பேன்டோப்ரசோல் 40 காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 ராத்திரி, பிரெட்னிசோலோன் 5 காலையில. இதுல எனக்கு சந்தேகமே இல்ல. மூணாவதும் நாலாவதும்தான் பிரச்சனை. ரெண்டுமே எஃப், ஓ, எல்-னு ஆரம்பிச்சு அதுக்கப்புறம் ஒரு அலை மாதிரி கோடு. மூணாவது வரியில கோட்டுக்குப் பின்னாடி ஒரு நம்பர், அது 7.5-ஆ இல்ல 5-க்கு முன்னாடி பேனா சும்மா இழுத்துக்கிட்டதான்னு தெரியல. அதுக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து, முதல் எழுத்து ஓ, ரெண்டாவது டி-யாவும் இருக்கலாம் டபிள்யூவாவும் இருக்கலாம். கடைசியில 1/12, அதாவது ஒரு மாசத்துக்கு. நாலாவது வரியில 5 தெளிவா இருக்கு, ஆனா எத்தனை நாளைக்கு எப்படின்றது சீட்டை மடிச்ச மடிப்புல போயிடுச்சு.

இந்தத் தொழில்ல இல்லாதவங்களுக்கு இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும், அதனால கொஞ்சம் சொல்றேன். இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட்னு ஒரு மாத்திரை குடுப்பாங்க, நம்ம ஊர் கடைங்கள்ல அது ஃபோலிட்ராக்ஸ்ன்ற பேர்ல நிறைய போகும். அதை சாப்பிடுறவங்களுக்கு வாய்ப்புண், குமட்டல் குறையட்டும்னு கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதுவாங்க, அது ஃபோல்வைட்ன்ற பேர்ல போகும். ரெண்டு பேரும் ஒரே மூணு எழுத்துல ஆரம்பிக்குது, ரெண்டுலயும் 5 மில்லிகிராம் மாத்திரை இருக்கு, ரெண்டும் ஒரே சீட்டுல அடுத்தடுத்த வரியில வரும். ஒண்ணு வைட்டமின், தினமும் சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும், அதையே தினமும் சாப்பிட்டா எலும்பு மஜ்ஜையில ரத்த அணு உருவாகுறது நின்னுடும். முதல்ல வாயில புண்ணு வரும், எச்சில் முழுங்க முடியாது, அப்புறம் காய்ச்சல், பேதி, உடம்புல சிவப்பு புள்ளி, வெள்ளை அணு கீழ இறங்கி உயிரே போன கேஸ் உலகம் முழுக்க பதிவாகியிருக்கு. இது நடக்க மாசக்கணக்கு வேணாம், ஒரு வாரம் பத்து நாள் போதும். பார்மசி படிக்கிறவங்களுக்கு இந்த மருந்தை ஒரு முக்கியமான எச்சரிக்கையா சொல்லிக்குடுப்பாங்க.

இப்ப அந்த ஓ-க்குப் பின்னாடி இருக்கற எழுத்தைப் பாருங்க. ஓ.டி.ன்னா தினமும் ஒரு தடவை. ஓ.டபிள்யூ.ன்னா வாரத்துக்கு ஒரு தடவை. வேகமா எழுதுற கையில இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன வளைவுதான் வித்தியாசம். டி-ன்னு படிச்சு 30 மாத்திரை குடுத்துட்டா அந்த அம்மா மொத வாரத்துலயே ஏழு டோஸ் சாப்பிட்டிருப்பாங்க.

எங்க ஓனர் அண்ணாச்சி எட்டிப் பாத்துட்டு, "ஒண்ணு ஃபோலிக், இன்னொண்ணு வாராவாரம் போடுறது, எத்தனை சீட்டு பாத்திருக்கோம், குடுத்து அனுப்பும்மா, இன்னும் பத்து பேர் நிக்காங்க"ன்னார். அவர் சொன்னதுல தப்பு இல்ல, என் மனசும் அதையேதான் சொல்லுச்சு, மூட்டுவலி டாக்டர், ரெண்டு 'ஃபோல்', வேற என்னவா இருக்க முடியும். ஆனா அது சீட்டுல இருந்து படிச்சது இல்ல, எனக்குத் தெரிஞ்சதை வச்சு சீட்டுல நானே எழுதிக்கிட்டது. வாரம் ஒரு தடவைன்னு சரியாவே ஊகிச்சேன்னு வச்சுக்குவோம், 5-ஆ 7.5-ஆ? ஒரு மாத்திரையா ரெண்டா? எந்தக் கிழமை? ஃபோலிக் அதே நாள்ல வேணுமா வேணாமா? ஊகத்துல ஒரு கேள்விக்கு பதில் கிடைச்சுது, நாலு கேள்வி அப்படியே நிக்குது.

கிளினிக் நம்பருக்கு மூணு தடவை போன் போட்டேன், எடுக்கல. ஞாயித்துக்கிழமை லீவு. சரி, திங்கக்கிழமை வரைக்கும் இந்த ரெண்டு மருந்து இல்லாம இருக்கலாமா? இந்தக் கேள்வியைத்தான் எப்பவும் முதல்ல கேட்டுக்கணும், ஏன்னா எல்லா மருந்தும் காத்திருக்காது, இன்சுலினோ வலிப்பு மாத்திரையோ இருந்தா ராத்திரியே யாரையாவது பிடிச்சு ஒரு முடிவுக்கு வந்தே ஆகணும். மெத்தோட்ரெக்ஸேட் அப்படி இல்ல, அது வேலை செய்யவே பல வாரம் ஆகும், ரெண்டு நாள் தள்ளிப்போனா அந்த அம்மாவுக்கு எந்த நஷ்டமும் இல்ல. அதுவரைக்கும் வலியைப் பாத்துக்க பிரெட்னிசோலோன் இருக்கு. அதனால தெளிவா இருந்த மூணு மருந்தை மட்டும் குடுத்தேன்.

குடுக்கும்போது பேச்சு குடுத்தேன், அங்கதான் கேஸ் திரும்புச்சு. "அம்மா, இதுக்கு முன்னாடி வலிக்கு என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா, தெருமுனை கடையில டைக்ளோஃபெனாக் வாங்கி தினமும் ரெண்டு போட்டுக்கிட்டு இருந்தாங்களாம், ஆறு மாசமா. டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டா, "அவர் கேக்கலம்மா, நானும் சொல்லல"ன்னாங்க. பொண்ணோட பையில பழைய ரிப்போர்ட் ஒண்ணு இருந்துச்சு, நாலு மாசம் முன்னாடி எடுத்தது, அதுல கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் 1.4. கடையில இருக்கற எடை மெஷின்ல அம்மாவை நிக்க வச்சேன், 48 கிலோ.

1.4-ன்றது பாக்க சின்ன நம்பர்தான், ஆனா 61 வயசுல 48 கிலோ இருக்கற ஒரு பெண்ணுக்கு அது சின்னது இல்ல. 140-ல இருந்து வயசைக் கழிச்சா 79, அதை எடையால பெருக்கி, 72-ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கி வர்றதால வகுத்து, பெண்களுக்கு 0.85-ஆல பெருக்கணும். கிட்டத்தட்ட 32 வந்துச்சு, அதாவது கிட்னி நிமிஷத்துக்கு 32 மில்லி ரத்தத்தைத்தான் சுத்தம் பண்ணுது. மெத்தோட்ரெக்ஸேட் பெரும்பாலும் கிட்னி வழியாத்தான் வெளிய போகுது. 60-க்கு கீழ இருந்தா டோஸைக் குறைக்கணும், 30-க்கு கீழ இருந்தா குடுக்கவே கூடாதுன்றதுதான் வழக்கமான அளவுகோல். இவங்க அந்த ஓரத்துல நிக்கிறாங்க, அதுக்கு மேல டைக்ளோஃபெனாக் வேற கிட்னியை அழுத்திக்கிட்டு இருக்கு. படிக்க முடியாத ஒரு வரியைக் கேக்கறதுக்காக எழுத உக்காந்த கடிதத்துல இப்ப டாக்டருக்கே தெரியாத ஒரு விஷயமும் போகணும்னு ஆயிடுச்சு.

அவங்க ரெண்டு பேரையும் கொஞ்சம் உக்கார வச்சுட்டு பில் பேப்பருக்குப் பின்னாடி முதல் வரைவு எழுதினேன். அதை இங்க போடுறேன், ஏன்னா முக்கால்வாசி பேர் இப்படித்தான் எழுதுவாங்க, நானும் ரொம்ப வருஷம் இப்படித்தான் எழுதினேன்.

"டாக்டர் அவர்களுக்கு, தங்கள் சீட்டில் கையெழுத்து சரியாகப் புரியவில்லை. மூன்றாவது மருந்து ஃபோலிட்ராக்ஸ் 7.5, வாரம் ஒரு முறை தானே? நான்காவது ஃபோல்வைட் 5 தினமும் தானே? தயவுசெய்து உறுதிப்படுத்தவும்."

இதுல மரியாதை இருக்கு, சுருக்கமாவும் இருக்கு. ஆனா கேள்வியைப் பாருங்க, ரெண்டுமே 'தானே'ல முடியுது. நாப்பது பேஷன்ட் வெளிய உக்காந்திருக்கும்போது ஒரு டாக்டர் கையில இது போனா அவர் என்ன சொல்வார்? "ஆமா." அந்த 'ஆமா' சீட்டைப் பாத்து வந்ததா, என் கேள்வியைப் பாத்து வந்ததான்னு எனக்குத் தெரியவே தெரியாது. என் ஊகத்தை அவர் வாயில போட்டு அவர்கிட்ட இருந்தே திருப்பி வாங்கிக்கிறேன், அவ்வளவுதான். நான் தப்பா ஊகிச்சிருந்தா அந்தத் தப்புக்கு இப்ப டாக்டர் ஒப்புதலும் சேந்துடும். மருந்துக் கடையில சந்தேகம் கேக்கும்போது ஆமா, இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேக்கவே கூடாது, அவர் கையால பேரையும் அளவையும் கிழமையையும் புதுசா எழுதுற மாதிரி கேக்கணும்ன்றதை நான் கத்துக்கிட்டதே இந்த மாதிரி வரைவுங்கள்ல இருந்துதான்.

இன்னொண்ணு, 'கையெழுத்து புரியவில்லை'ன்னா அது அவர் மேல ஒரு குறையா மட்டும் நிக்குது. எந்த வரி, எந்த இடம், எது எதுவா தெரியுதுன்னு சொன்னா அவரே சீட்டை எடுத்து அந்த இடத்தைப் பாப்பார். கிழிச்சுப் போட்டுட்டு திரும்ப எழுதினேன். தமிழ்லயே எழுதினேன். டாக்டரும் தமிழ்தான், கடிதத்தை எடுத்துட்டுப் போற பொண்ணுக்கும் என்ன கேக்குறோம்னு புரியணும். அதோட 'வாரத்துக்கு ஒரு நாள்'ன்னு தமிழ்ல எழுதினா அதை யாரும் 'தினமும்'னு படிக்க முடியாது.

போன கடிதம் இது, பேருங்களை மட்டும் எடுத்துட்டேன்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர் மருந்துக் கடையிலிருந்து பதிவு பெற்ற மருந்தாளுநர் எழுதுகிறேன். இன்று மாலை தங்களைப் பார்த்த 61 வயது அம்மாவின் சீட்டின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். அசல் அவர்களிடமே உள்ளது.

ஒன்று, இரண்டு, ஐந்தாவது வரிகளைத் தெளிவாகப் படிக்க முடிந்தது, அந்த மருந்துகளைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது, நான்காவது வரி மருந்துகளைக் கொடுக்கவில்லை. தங்கள் பதில் வரும்வரை கொடுக்கவும் மாட்டேன்.

மூன்றாவது வரியில் மருந்தின் முதல் மூன்று எழுத்து மட்டும் தெரிகிறது. அதில் தொடங்கும் இரண்டு மருந்துகள் எங்கள் கடையில் உள்ளன, ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், மற்றது ஃபோலிக் ஆசிட். அளவு 5 என்றும் படிக்கலாம், 7.5 என்றும் படிக்கலாம். எத்தனை முறை என்ற இடத்தில் உள்ள இரண்டாவது எழுத்தை 'தினமும்' என்றும் படிக்கலாம், 'வாரம் ஒரு முறை' என்றும் படிக்கலாம். நகலில் அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுள்ளேன். நான்காவது வரியிலும் மருந்தின் பெயர் முதல் மூன்று எழுத்துக்குமேல் தெரியவில்லை. அளவு 5 என்பது தெளிவு, எந்தெந்த நாள் என்பது தெரியவில்லை.

தாங்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தி. இந்த அம்மா ஆறு மாதமாக டைக்ளோஃபெனாக் தினமும் இரண்டு வேளை தானாக வாங்கிச் சாப்பிட்டு வந்ததாகச் சொல்கிறார். நான்கு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.4. இன்று எடை 48 கிலோ. இதை வைத்துக் கணக்கிட்டால் கிரியாட்டினின் கிளியரன்ஸ் சுமார் 32 வருகிறது. ரிப்போர்ட்டின் நகலும் இணைத்துள்ளேன். இது தங்கள் முடிவை மாற்றுமா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

கீழே உள்ள இடத்தில் தங்கள் கையால் பெரிய எழுத்தில் நிரப்பி, கையொப்பமும் தேதியும் இட்டுத் தர வேண்டுகிறேன்.

மூன்றாவது வரி: மருந்தின் மூலப்பெயர் ........ ஒரு வேளைக்கு எத்தனை மி.கி. ........ எந்தக் கிழமை அல்லது கிழமைகள் ........ மொத்தம் எத்தனை மாத்திரை ........
நான்காவது வரி: மருந்தின் மூலப்பெயர் ........ ஒரு வேளைக்கு எத்தனை மி.கி. ........ எந்தக் கிழமை அல்லது கிழமைகள் ........ மொத்தம் எத்தனை மாத்திரை ........

தங்களுக்கு நேரம் இருக்கும்போது கடை எண்ணுக்கு அழைத்தாலும் பேசுகிறேன். பேசினாலும் எழுத்தில் ஒரு பதில் வேண்டும்.

பணிவுடன்,
மருந்தாளுநர்"

'மொத்தம் எத்தனை மாத்திரை'ன்னு ஏன் கேக்கணும்? அதுதான் எனக்கு கிடைக்கிற ரெண்டாவது சாட்சி. ஒருத்தர் அவசரத்துல 'தினமும்'னு எழுதிட்டு மொத்தம் 4-ன்னு போட்டா ரெண்டும் ஒத்துப்போகாது, உடனே தெரிஞ்சுடும். 1945 மருந்து விதிகள்லயே, 65-வது விதியில, சீட்டுல மருந்தோட மொத்த அளவும் டோஸும் இருக்கணும்னு இருக்கு, நான் புதுசா ஒண்ணும் கேக்கல. அதே மாதிரி டாக்டருங்களுக்கான நடத்தை விதியில 2016-ல ஒரு திருத்தம் வந்துச்சு, கம்பெனி வச்ச பேர் இல்லாம மருந்தோட மூலப்பெயரைத் தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு. கடிதத்துல இந்த விதி நம்பர் எதையும் நான் போடல. போட்டிருந்தா அது நோட்டீஸ் மாதிரி ஆகியிருக்கும், அவர் பதில் எழுதுறதுக்கு பதிலா வக்கீலைத் தேடியிருப்பார், எனக்கு வேண்டியது அந்த ரெண்டு வரிதான்.

ராத்திரியே கடிதத்தை போட்டோ எடுத்து கிளினிக் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன், அசலை கவர்ல போட்டு ஒட்டி பொண்ணுகிட்ட குடுத்தேன். "அக்கா, டாக்டர் தப்பா எழுதிட்டாரா?"ன்னு பயந்து போய் கேட்டுச்சு. "தப்புன்னு இல்லம்மா, எழுத்து ரெண்டு விதமா படிக்கிற மாதிரி இருக்கு, அவர்கிட்டயே கேட்டுக்கலாம், அதுவரைக்கும் இந்த மூணு மட்டும் போதும், அந்த வலி மாத்திரையை மட்டும் நிறுத்திடுங்க, டாக்டர்கிட்டயும் அதை சொல்லிடுங்க"ன்னேன். இந்த பதிலை யோசிச்சுத்தான் சொன்னேன், முதல் நாளே டாக்டர் மேல நம்பிக்கை போயிட்டா அந்த அம்மா திரும்ப தெருமுனை கடைக்குத்தான் போவாங்க.

திங்கக்கிழமை பதினோரு மணிக்கு கிளினிக்ல இருந்து போன். ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு. "மேடம், சார்கிட்ட கேட்டுட்டேன், டெய்லி ஒண்ணுதான், குடுத்துடுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. "எந்த மருந்தைம்மா டெய்லின்னு சொன்னார்?"

"அந்த ஃபோல்-னு எழுதியிருக்கறது மேடம்."

"ரெண்டு ஃபோல் இருக்கும்மா. நீங்க எப்படி கேட்டீங்க சார்கிட்ட?"

உள்ள ஒரு பேஷன்டைப் பாத்துக்கிட்டு இருந்தப்போ கதவைத் திறந்து, "சார், அந்த பெரம்பூர் மெடிக்கல்ல இருந்து கேக்குறாங்க, ஃபோலிக் டெய்லி தானே"ன்னு கேட்டிருக்கு, அவர் தலையை ஆட்டியிருக்கார். அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல, அது என் கேள்வியை சுருக்கி 'தானே' போட்டு கேட்டுச்சு, நான் முதல் வரைவுல பண்ணினதும் அதேதான். டாக்டர் தலையாட்டினது ஃபோலிக் ஆசிட்டுக்கு, அது சரிகூட, ஆனா என் காதுக்கு வந்து சேந்தது 'ஃபோல்-னு எழுதியிருக்கறது டெய்லி'. நான் எழுத்துல கேக்காம போன்ல மட்டும் கேட்டிருந்தா, இந்த பதிலை வச்சுக்கிட்டு மூணாவது வரிக்கு 30 மாத்திரை கட்டிக் குடுக்கற பார்மசிஸ்ட் இருக்கமாட்டாங்கன்னு சொல்ல முடியாது.

"தயவு பண்ணி கடிதத்தையே சார் டேபிள்ல வைங்கம்மா, அவர் கையால அந்த இடத்தை நிரப்பினாத்தான் நான் குடுக்க முடியும்"ன்னேன். அதுக்குள்ள பேஷன்டோட பொண்ணும் அசலை எடுத்துக்கிட்டு அங்க போயிடுச்சு.

ஒண்ணரை மணிக்கு டாக்டரே கூப்பிட்டார். குரல்ல கொஞ்சம் எரிச்சல் இருந்துச்சு, "என்னம்மா, மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு தடவைன்னு பார்மசிஸ்டுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். சீட்டுல இருக்கறது அதுவான்னுதான் தெரியல. சிவப்பு வட்டம் போட்ட இடத்தைக் கொஞ்சம் பாருங்க சார்."

பேப்பர் புரட்டுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் பேசல. "நான் டபிள்யூதான் போட்டேன், ஆனா டி மாதிரியும் இருக்கு"ன்னார். அப்புறம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கார் போல, குரலே மாறிடுச்சு. "இந்த கிரியாட்டினின் எப்ப எடுத்தது? டைக்ளோஃபெனாக் ஆறு மாசமாவா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே." பத்து நிமிஷம் பேசினோம். அதுல கையெழுத்தைப் பத்தி ஒரு நிமிஷம்கூட இல்ல, மிச்சம் எல்லாம் கிட்னியைப் பத்திதான்.

கடிதத்துக்கு பதில் சாயங்காலம் பொண்ணு கையில வந்துச்சு, என் கடிதத்துலயே, நான் விட்ட இடத்துல. மூணாவது வரிக்கு நேரா மெத்தோட்ரெக்ஸேட்னு பெரிய எழுத்துல, 7.5 மி.கி.ன்னு எழுதி, அதை ஒரே கோட்டால அடிச்சு, பக்கத்துல 'ரத்தப் பரிசோதனை வரும்வரை தொடங்க வேண்டாம்'னு கையெழுத்தும் தேதியும். நாலாவது வரிக்கு ஃபோலிக் ஆசிட் 5 மி.கி., மூணாவது மருந்து சாப்பிடுற நாள் தவிர மத்த எல்லா நாளும். டைக்ளோஃபெனாக் கூடாதுன்னும், கிரியாட்டினின், ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல் டெஸ்ட் எடுத்துட்டு வரணும்னும் கீழ தனியா.

அதாவது நான் சரியா ஊகிச்சிருந்தேன். 7.5, வாரம் ஒரு தடவை, அப்படியே. ஊகத்தை நம்பி சனிக்கிழமையே குடுத்திருந்தா சீட்டுல இருந்தபடி சரியாவே குடுத்திருப்பேன், ஆனா அந்த சிறுநீரகத்துக்கு அது அதிக டோஸ். இதை எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகுது.

புதன்கிழமை புது ரிப்போர்ட் வந்துச்சு, கிரியாட்டினின் 1.3, அணு எண்ணிக்கை, கல்லீரல் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. கணக்குப் போட்டா 34 கிட்ட வருது. டாக்டர் டோஸைக் குறைச்சு 5 மி.கி. வாரத்துக்கு ஒரு நாள்னு புதுசா ஒரு சீட்டே எழுதிட்டார், ரெண்டு வாரத்துல திரும்ப ரத்தம் பாக்கணும்னு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா படிக்கிற மாதிரி இருந்துச்சு.

ஆனா குறைச்சதுல இன்னொரு சிக்கல் வந்துச்சு. இப்ப ரெண்டு மாத்திரையும் 5 மில்லிகிராம். சீட்டு தெளிவாயிடுச்சு, வீட்டுல ரெண்டு அட்டையும் ஒரே டப்பாவுல கிடக்கும், ரெண்டுலயும் ஃபோல், ரெண்டுலயும் 5, அம்மாவுக்கு எழுத்து கூட்டித்தான் படிக்கத் தெரியும். அதனால மெத்தோட்ரெக்ஸேட்டை முழு அட்டையா குடுக்கல, நாலே நாலு மாத்திரை வெட்டினேன், நாலு புதன்கிழமைக்கு. வெட்டும்போது பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் ஏதோ ஒரு துண்டுலதான் நிக்கும், அதனால ரெண்டையும் கவர் மேல எழுதினேன். கவர் மேல பெருசா 'புதன் மட்டும்'. அந்த நாலை விட ஒண்ணு கூட கையில இல்லைன்னா தப்பா சாப்பிட்டாலும் நாலு நாளோட நின்னுடும். நாலு நாள் தொடர்ந்து சாப்பிட்டாலும் ஆபத்துதான், ஆனா அஞ்சாவது நாள் கவர் காலியாகி என்கிட்ட வந்து நிப்பாங்க, எனக்குத் தெரிஞ்சுடும். ஃபோலிக் ஆசிட் 24, அது வேற கலர் கவர்ல.

"அம்மா, என்னைக்கு சாப்பிடணும் சொல்லுங்க"ன்னு கேட்டேன். இங்கயும் 'புதன்கிழமை தானே'ன்னு நான் கேக்கல. "புதன்"ன்னாங்க. "வியாழக்கிழமை மறந்துட்டது ஞாபகம் வந்தா?" அதுக்கு பதில் தெரியல, முழிச்சாங்க. ரெண்டு நாளுக்குள்ள ஞாபகம் வந்தா சாப்பிடலாம், அதைத் தாண்டிட்டா அந்த வாரம் விட்டுடுங்க, அடுத்த புதன் ரெண்டா சேத்து மட்டும் போடவே கூடாதுன்னு சொன்னேன். வாயில புண்ணு, காய்ச்சல், விடாத இருமல், மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்னும் சொன்னேன். வீட்டுல மாட்டியிருக்கற தினசரி காலண்டர்ல புதன்கிழமை தாள்ல எல்லாம் பேனாவால ஒரு வட்டம் போடச் சொன்னேன் பொண்ணுகிட்ட, மாத்திரை போட்ட அன்னைக்குத்தான் அந்தத் தாளைக் கிழிக்கணும்.

எங்க கடையில ஒரு நீளமான நோட்டு இருக்கு, சந்தேகப்பட்ட சீட்டுங்களோட நகலை அதுல ஒட்டி வைப்பேன். இந்தக் கேஸ்ல சீட்டு நகல், கடிதம், டாக்டர் நிரப்பின பதில், புது சீட்டோட நகல், நாலும் அடுத்தடுத்து இருக்கு. நோயாளியோட அசல் சீட்டுல மட்டும் நான் எதுவும் எழுதல, அது டாக்டரோட தாள், அதுல என் பேனா பட்டா நாளைக்கு எது யார் எழுத்துன்னு யாருக்கும் தெரியாம போயிடும். பதில் தாளோட நகலை அதுக்குப் பின்னாடி ஸ்டேப்பிள் பண்ணிக் குடுத்தேன், அடுத்த தடவை வேற கடைக்குப் போனாலும் அவங்களுக்கும் புரியணுமே.

நாலாவது புதன் முடிஞ்சு வியாழக்கிழமை காலையில பொண்ணு வந்துச்சு. கையில காலி கவர், ரெண்டு வாரத்துல எடுத்த ரத்த ரிப்போர்ட், புது சீட்டு. வெள்ளை அணு சரியா இருந்துச்சு, கிரியாட்டினின் 1.2-க்கு இறங்கியிருந்துச்சு. சீட்டுல மெத்தோட்ரெக்ஸேட் வரிக்குப் பக்கத்துல டாக்டர் தமிழ்லயே 'புதன்'னு எழுதியிருந்தார். நோட்டுல அந்தப் பக்கத்தை எடுத்து 1.2-ன்னு தேதி போட்டு எழுதிட்டு, இன்னும் நாலு மாத்திரை வெட்டினேன்.